மணலை நகர்த்துவது மணல்தான்

டெல்லியில் மே, ஜூன் மாதங்களில் சாயங்காலம் மேற்கு வானம் திடீரென்று பழுப்பாக மாறும். கால் மணி நேரத்துக்குள் காற்று கதவுகளை அறையும், கரண்ட் போகும், கொடியில் காய்ந்த துணி பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும். இந்த ஊர்க்காரர்கள் இதை ஆந்தி என்கிறார்கள். மறுநாள் காலையில் பால்கனியைப் பெருக்கும்போது நம்மவர்கள் சொல்வது வழக்கமாக ஒன்றுதான்: “ராஜஸ்தான் மணல் இங்க வந்துடுச்சு.”

பள்ளியில் புவியியல் நடத்துகிறவன் என்பதால் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் சும்மா விட்டுவிட முடிவதில்லை. பால்கனியில் படிந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். பவுடர் மாதிரி வழுவழுப்பாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் விரலில் அப்பிக்கொள்ளும். நெருடல் இருக்காது. அது மணல் இல்லை, தூசு. தார் பாலைவனத்து மணல் டெல்லிக்குப் பறந்து வருவதில்லை, வரவும் முடியாது. ஆனால் அந்த மணல் அங்கே தரையில் ஓடாமல் இருந்தால் இந்தத் தூசில் கணிசமான பங்கு கிளம்பியே இருக்காது. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல நினைக்கிறேன். மணல்மேடு எப்படி உண்டாகிறது, மேட்டுக்குப் பக்கத்தில் பள்ளம் எப்படி விழுகிறது என்பதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் மணல் ஏன் பறக்காது என்று பார்ப்போம். மேடுகளில் கிடக்கும் மணல் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவுக்கு அங்குமிங்கும் இருக்கும். அப்படி ஒரு மணல் துகளை அசையாத காற்றில் மேலிருந்து விட்டால் நொடிக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வேகத்தில் கீழே விழும். அது மிதக்க வேண்டுமானால் காற்று அதே வேகத்தில் கீழிருந்து மேலே அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தரையை ஒட்டிக் காற்று எவ்வளவு பலமாக ஓடினாலும் அதில் மேல்நோக்கி எழும் வீச்சு பொதுவாக அந்த அளவுக்கு இருப்பதில்லை. அதனால் மணல் எழும்பினாலும் உடனே விழுந்துவிடும்.

தூசின் கதை வேறு. 0.02 மில்லிமீட்டர் துகள் நொடிக்கு 3 சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு அது போய்விட்டால் திரும்பித் தரை சேர ஏறக்குறைய 9 மணி நேரம் ஆகும். அதற்குள் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் காற்று அதை 300 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விடும். துகளின் அளவு இன்னும் பாதியானால் இறங்கும் வேகம் நாலில் ஒன்றாகிவிடும், தூரம் நாலு மடங்காகும். ஜெய்சல்மேர் டெல்லியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 650 கிலோமீட்டர். அங்கிருந்து தூசு வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 2018 ஜூன் நடுவில் நாள்கணக்காக டெல்லி வானம் பழுப்பாகவே கிடந்தது நினைவிருக்கும். மேற்கிலிருந்து வந்த அந்தத் தூசு காரணமாக நகரத்தில் கட்டட வேலைகளைச் சில நாள் நிறுத்தச் சொன்னார்கள்.

சரி, பறக்காத மணல் எப்படித்தான் போகிறது?

எங்கள் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்குச் சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊர். தேரிக்காட்டின் ஓரத்தில் வளர்ந்தவர். தூத்துக்குடி மாவட்டத்தின் அந்தச் செம்மணல் மேடுகளைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: தமிழ்நாட்டில் காற்று மணலை வைத்து என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்றுதான் அங்கே ஆனி, ஆடியில் எல்லாவற்றையும் நடத்துகிறது. ஒருநாள் கடையில் அவரிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, ஆடிக் காத்துல தேரி மண்ணு பறக்குமா?”

“பறக்காது சார், ஓடும். கெண்டைக்கால் உசரத்துக்குச் செவேல்னு தரையோட ஓடும். மேல கண்ணத் தொறந்துக்கிட்டுத் தாராளமா நடக்கலாம். கீழ காலுதான் எரியும். நாங்க சின்னப் புள்ளையில சாக்கு சுத்திக்கிட்டுப் போவோம்.”

பாலைவன மணலை ஆராய்ந்தவர்கள் கருவி வைத்து அளந்து கண்டதும் இதையேதான். ஓடும் மணலில் மிகப்பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு சாண், ஒரு முழத்துக்குள்ளேயே ஓடிவிடுகிறது. கூழாங்கல் நிறைந்த கெட்டித் தரையாக இருந்தால் துகள்கள் இன்னும் மேலே எகிறும், ஆளுயரம் வரைகூட. மணல் மேலேயே மணல் ஓடும்போது அந்த உயரம் கிடைப்பதில்லை. மாணவர்களோடு போகும்போது நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரு குச்சியில் மேலிருந்து கீழ்வரை பிசின் பக்கம் வெளியே இருக்கும்படி செலோடேப் சுற்றி, காற்றடிக்கும் மேட்டில் நட்டு வைப்பது. சில நிமிடத்தில் எடுத்துப் பார்த்தால் காற்று வந்த பக்கத்தில் அடி மட்டும் மணலால் மூடியிருக்கும். முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றிரண்டு துகள்தான்.

இந்த ஓட்டத்தின் உள்விவரத்தைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் பாக்னால்ட். பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920களிலும் 30களிலும் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் கார் ஓட்டித் திரிந்தவர். பிறகு லண்டனில் ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்து அதற்குள் மணலைப் பரப்பி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தார். 1941ல் அதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார். அவர் கண்ட விஷயம் இன்றைக்கும் எனக்குச் சிலிர்ப்பைத் தருகிறது.

காற்றைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முதல் துகள் உருளும். கால் மில்லிமீட்டர் மணலுக்கு வெளியில் அந்தக் கட்டம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். உருளும் துகள் இன்னொன்றில் முட்டித் தாவும். தாவியதும் மேலே தரையருகே இருப்பதைவிட வேகமான காற்று அதைப் பிடித்து முன்னே தள்ளும். வேகம் வாங்கிக்கொண்டு அது மிகவும் சாய்வாக, 10 முதல் 16 டிகிரிக் கோணத்தில் வந்து மணல்பரப்பில் இறங்கும். அந்த அடியில் தானும் மறுபடி தாவும், அக்கம்பக்கத்துத் துகள்கள் சிலவற்றையும் கிளப்பிவிடும். கிளம்பியவற்றில் சில காற்றில் ஏறி, வேகம் வாங்கி, தாங்களும் வந்து அடிக்கும். ஒரு சில நொடியில் பரப்பு முழுவதும் தாவத் தொடங்கிவிடும்.

இப்போது காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். முதல் துகளை உருட்டிய வேகத்துக்குக் கீழே வந்துவிட்டாலும் மணல் நிற்பதில்லை. அந்த வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு இருந்தாலே ஓட்டம் தொடர்கிறது. காரணம், இப்போது துகள்களைக் கிளப்புவது நேரடியாகக் காற்று இல்லை, மேலிருந்து வந்து அடிக்கும் மற்றத் துகள்கள். காற்றின் வேலை தாவிய துகளுக்கு வேகம் கொடுப்பதோடு சரி. மணலை நகர்த்துவது மணல்தான்.

தாவும் துகளின் அடிக்குப் பலமும் அதிகம். தன்னைப்போல் ஆறு மடங்கு விட்டமுள்ள துகளைக்கூட அது முன்னே தள்ளிவிடும் என்று பாக்னால்ட் கணக்கிட்டார். ஆறு மடங்கு விட்டம் என்றால் 200 மடங்குக்கு மேல் எடை. அத்தனை பெரிய துகள் தாவாது, அடி வாங்கி வாங்கித் தரையிலேயே தவழும். மொத்தம் ஓடும் மணலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இப்படித் தவழ்ந்து போவதாக அவர் அளந்தார்.

நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “அப்படின்னா தூசு இன்னும் சின்னது, இன்னும் சுலபமா கிளம்பணுமே சார்?” நல்ல கேள்வி. விஷயம் நேர்மாறானது. சுமார் 0.08 மில்லிமீட்டர்தான் காற்று மிகச் சுலபமாகக் கிளப்பக்கூடிய அளவு. அதற்குக் கீழே போகப்போகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பரப்பும் வழுவழுவென்று ஆகிவிடுவதால் தரையை ஒட்டிய மந்தமான காற்றுப் படலத்துக்குள் அவை ஒளிந்துகொள்ளும். பாக்னால்ட் சிமெண்டைப் பரப்பி அதன் மேல் காற்றை விட்டுப் பார்த்தார். நாலரை மில்லிமீட்டர் கூழாங்கல்லையே நகர்த்தும் அளவுக்குக் கூட்டியும் படிந்து கிடந்த சிமெண்ட் எழும்பவில்லை.

அப்புறம் வறண்ட நிலத்தில் தூசு எப்படிக் கிளம்புகிறது? பக்கத்தில் மணல் இருந்தால் அது தாவி வந்து அந்தப் பரப்பை அடிக்கிறது. மழைக்குப் பின் காய்ந்து இறுகிய ஏடு உடைகிறது, உள்ளே கட்டியாக இருந்த நுண்மண் சிதறுகிறது. ஒருமுறை பரப்பைவிட்டு எழும்பிவிட்டால் தூசு காற்றோடு போய்விடும். மணல் தாவித் தாவிச் சற்றுத் தள்ளிப் போய் நிற்கும். டிராக்டரும், லாரிச் சக்கரமும், ஆட்டு மந்தையின் குளம்பும் அதே உடைக்கும் வேலையைச் செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சாயங்கால ஆந்தியில் வரும் தூசில் நல்ல பங்கு அக்கம்பக்கத்து வயலிலும் ரோட்டிலும் புரண்டதுதான். எல்லாமே ஜெய்சல்மேரிலிருந்து வந்ததில்லை.

மணல்மேட்டைப் பார்க்க ஜெய்சல்மேர் வரை போக வேண்டியதும் இல்லை. இது டெல்லித் தமிழர்கள் பலருக்குத் தெரியாது. ஹரியானாவில் பிவானி, மகேந்திரகட் மாவட்டங்களில் மணல்மேடுகள் இருக்கின்றன. ரேவாரி வழியாகப் போகும் ரயிலில் லோஹாரூவில் இறங்கினால் போதும். நேர்கோட்டில் டெல்லியிலிருந்து 150 கிலோமீட்டர்கூட இல்லை. ஊர்க்காரர்கள் மேட்டை டிப்பா என்பார்கள். நாலு பக்கமும் கடுகு, கடலை வயல். நடுவே வெளிர்மஞ்சள் மேடு. அதன் மேல் எருக்கும், ஆங்காங்கே வன்னி மரமும். நம் ஊர்க் கோயில் வாசலில் பார்த்த அதே வன்னிதான். அங்கே ஜாண்டி என்கிறார்கள்.

செடி நிற்கும் மேட்டில் மணல் ஓடாது. இலையும் தண்டும் காற்றின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன, தாவும் துகளை மறிக்கின்றன. ஆனால் செடிப் போர்வையில் ஒரு கிழிசல் விழுந்தால் போதும். ஆடு போகும் தடமாக இருக்கலாம், விறகுக்கு வெட்டிய இடமாக இருக்கலாம், மணல் அள்ளிய குழியாகவும் இருக்கலாம். அந்த வெற்றிடத்தில் துகள்கள் தாவத் தொடங்கும். காற்று வரும் திசையிலிருந்து போகும் திசைக்கு மணல் அள்ளப்பட்டு ஒரு குழி விழும். குழி ஆழமாகும்போது இரு பக்கமும் கரை எழும்பி நிற்கும். காற்று நடுவே நெருக்குண்டு ஓடும், இன்னும் வேகம் பிடிக்கும், இன்னும் தோண்டும். தோண்டிய மணல் எதிர்முனையில் நாக்கு மாதிரி நீண்டு போய் மேடாகக் கொட்டும். பக்கக் கரைகளைச் செடியின் வேர் பிடித்து நிறுத்தியிருக்கும். நடுப்பகுதி மட்டும் முன்னே போய்க்கொண்டே இருக்கும்.

கொஞ்ச காலத்தில் மேலிருந்து பார்த்தால் லாட வடிவம் வந்துவிடும். வளைந்த நெற்றி காற்று போகும் திசையில், இரண்டு கைகள் பின்னால் காற்று வந்த திசையை நோக்கி. இதைப் பரவளைய மணல்மேடு என்கிறோம். தாரில் பெரும்பரப்பில் இருப்பது இந்த வகைதான். சாட்டிலைட் படத்தில் சூரு, பீகானேர் பக்கம் பார்த்தீர்களானால் லாடங்கள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் திறந்த வாய் தென்மேற்கைப் பார்த்தபடி நிற்பது தெரியும். மழைக்கு முந்தைய மாதங்களில் அங்கே அடிக்கும் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை அந்த வாய்களை வைத்தே சொல்லிவிடலாம்.

பள்ளமும் மேடும் இப்படி ஒரே வேலையின் இரண்டு முனைகள். பாடப்புத்தகத்தில் ஒன்று அரிப்பு என்ற தலைப்பிலும் மற்றது படிவு என்ற தலைப்பிலும் தனித்தனிப் பக்கத்தில் இருப்பதால் பிள்ளைகள் இதைச் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. பள்ளம் எவ்வளவு பெரிது என்பதை அளந்தால், காற்று போன பக்கத்து மேட்டில் எவ்வளவு மணல் சேர்ந்திருக்க வேண்டும் என்று சுமாராகச் சொல்லலாம். இரண்டும் பொருந்தவில்லை என்றால் மேட்டுக்கு வேறெங்கிருந்தோவும் மணல் வருகிறது, இல்லையென்றால் யாரோ லாரியில் அள்ளியிருக்கிறார்கள்.

பள்ளம் எதுவரை ஆழமாகும் என்பது இன்னும் சுவையான கேள்வி. காற்றுக்குத் தோண்டும் எல்லை என்று தனியாக ஒன்றும் கிடையாது. கீழே என்ன இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கும். மணலுக்குள் சுண்ணாம்பு இறுகிய முண்டுகள் இருக்கும், வடக்கே கங்கர் என்பார்கள். முறத்தில் புடைக்கும்போது உமி பறந்து, நொய் ஒரு பக்கம் ஒதுங்கி, கல் நின்றுபோவதைப் போலக் காற்று தூசை அனுப்பிவிட்டு, மணலைப் பக்கத்தில் ஒதுக்கி, கங்கரை மட்டும் பள்ளத்தின் அடியில் விட்டுவைக்கும். கங்கர் நெருக்கமாகப் பரவிவிட்டால் அதற்கடியில் உள்ள மணல் காப்பாற்றப்படும், பள்ளம் அதோடு நின்றுவிடும். லோஹாரூப் பக்கத்துப் பள்ளங்களில் நடக்கும்போது காலில் நறநறவென்று மிதிபடுவது இதுதான். அதைப் பொறுக்கி வேலைக்கு எடுத்துப்போனால் மூடியைத் திறந்துவிட்டது போல் ஆகும். காற்று மறுபடி தோண்ட ஆரம்பிக்கும்.

இன்னொரு தடை ஈரம். எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈரம் இருந்தாலே மணல் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், சாதாரணக் காற்றுக்கு அசைந்து கொடுக்காது. நிலத்தடி நீருக்குச் சற்று மேலே உள்ள ஈர மணலைத் தொட்டதும் தோண்டல் நிற்கும். எகிப்தின் கத்தாரா பள்ளம் கடல்மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே வரை இறங்கியிருக்கிறது. காற்றின் பங்கு அதில் பெரிது. அடியில் நிலத்தடி நீரும் உப்பும் இருப்பதுதான் அதற்கு மேல் காற்றைத் தோண்டவிடாமல் வைத்திருக்கிறது.

செடியே இல்லாத இடத்துக்கு வருவோம். ஜெய்சல்மேருக்கு மேற்கே மழை மிகவும் குறைவு. சாம் பக்கத்து மேடுகளில் ஒட்டகத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் அதிகம். அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஒரு மைல் நடந்தால்தான் கலையாத மேட்டைப் பார்க்க முடியும். நகரும் மேட்டை அங்கே த்ரியன் என்கிறார்கள். தனியாக நிற்கும் மேடு பிறை வடிவத்தில் இருக்கும், புத்தகத்தில் பர்கான் என்று வருவது. இதில் கைகள் காற்று போகும் திசையில் முன்னே நீண்டிருக்கும், பரவளைய மேட்டுக்கு நேர்மாறு. அங்கே கைகளைச் செடி பிடித்து வைத்தது, நடு முன்னே போனது. இங்கே பிடிக்க எதுவும் இல்லை. ஓரத்தில் உயரம் குறைவு, உயரம் குறைந்த இடம் வேகமாக நகரும், அதனால் ஓரங்கள் முந்திக்கொள்கின்றன.

உயரம் குறைந்தால் ஏன் வேகம் கூடுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மேட்டின் உச்சியை ஒரு வருடத்தில், ஒரு மீட்டர் அகலத்துக்கு, 30 கன மீட்டர் மணல் தாண்டுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மேடு 3 மீட்டர் உயரம் என்றால் அது முழு உடம்போடு ஒரு மீட்டர் முன்னே நகர, மீட்டர் அகலத்துக்கு 3 கன மீட்டர் மணல் முன்பக்கம் சேர வேண்டும். ஆக வருடத்துக்கு 10 மீட்டர் நகரும். அதே காற்றில் 10 மீட்டர் உயர மேடு 3 மீட்டர்தான் போகும். ஒன்றரை மீட்டர் குட்டி மேடு 20 மீட்டர் ஓடும். அதனால்தான் சின்ன மேடுகள் பெரியவற்றைத் துரத்திப் பிடித்து அவற்றோடு கலந்துவிடுகின்றன. ரோட்டை முதலில் மூடுவதும் பெரும்பாலும் இந்தக் குட்டிகளே.

குட்டிக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. காற்று தன்னால் முடிந்த அளவு மணலை ஏற்றிக்கொள்ள ஓரிரு மீட்டர் தூரமாவது ஓட வேண்டும். மேடு அதைவிடச் சின்னதாக இருந்தால் காற்று சுமை ஏற்றி முடிப்பதற்குள் உச்சியைத் தாண்டிவிடும். உச்சியிலும் தோண்டிவிட்டுப் போய்விடும். முழங்கால் உயர மணல் குவியல் பாலைவனத்தில் பர்கானாக நிலைப்பதில்லை, தட்டையாகிக் கரைந்துவிடுகிறது.

பர்கானின் முதுகில், அதாவது காற்று வரும் பக்கத்தில், சரிவு குறைவு, 10, 15 டிகிரி. எதிரே நெஞ்சுப் பக்கத்தில் சரிவு அதிகம். பிற்பகல் காற்றில் அந்த நெஞ்சுப் பக்கத்துக்குக் கீழே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதுகில் தாவி வந்த துகள்கள் உச்சி விளிம்பைத் தாண்டியதும் காற்றின் பிடியை இழக்கின்றன. ஏனென்றால் காற்று அங்கே தரையை விட்டு விலகி நேராகப் போய்விடுகிறது. துகள்கள் விளிம்பிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயே கொட்டுகின்றன. சரிவின் அடிவரை அவை போவதில்லை. அதனால் மேல்பகுதி மட்டும் தடித்துக்கொண்டே வருகிறது. சரிவு 34 டிகிரியைத் தொட்டதும் ஓரிடத்தில் சின்ன விரிசல் விழும். அதிலிருந்து ஒரு கை அகல மணல் நாக்கு சத்தமில்லாமல் வழிந்து இறங்கும். விரிசல் மட்டும் மேல்நோக்கி ஏறிப்போகும், வழிந்த மணல் 32 டிகிரிக்கு அடங்கி நிற்கும். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு நாக்கு. மேடு நகர்வது என்பது கண்ணுக்குத் தெரியும் வடிவில் இவ்வளவுதான்.

வருடம் முழுவதும் இப்படி நடப்பதில்லை. ஓடும் மணலின் அளவுக்குப் பயன்படும் எளிய விதி ஒன்று: U² × (U − Uₜ). U என்பது காற்றின் வேகம், Uₜ என்பது மணல் கிளம்பும் வேகம். கிளம்பும் வேகத்தை 20 என்று வைத்து மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றுக்கும் 40 கிலோமீட்டர் காற்றுக்கும் போட்டுப் பாருங்கள். முன்னதைவிடப் பின்னதில் ஏறக்குறைய 10 மடங்கு மணல் ஓடும். எனவே வருடத்தின் நகர்வில் பெரும்பங்கை மே, ஜூன், ஜூலையின் சில பலத்த பிற்பகல்களே செய்துமுடித்துவிடுகின்றன. சராசரிக் காற்று வேகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். சராசரி 15 என்றால் மணலே ஓடவில்லை என்று விதி சொல்லும். மேடு போய்க்கொண்டுதான் இருக்கும்.

தாரின் தனித்தன்மை இங்கேதான். அங்கே பலத்த காற்றைக் கொண்டுவருவதும் தென்மேற்குப் பருவக்காற்று, சற்றுப் பின்னால் மழையைக் கொண்டுவருவதும் அதுவே. பருவக்காற்று மிகவும் சோர்ந்திருந்த காலத்தில் வறட்சி கடுமையாக இருந்திருக்கும், ஆனால் மணலை ஓட்டக் காற்று போதாது. மணல் துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று கண்டுபிடிக்கும் முறையில் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்தினர் தார் மேடுகளின் வயதைக் கணித்திருக்கிறார்கள். பனியூழி உச்சத்தில் இருந்த 20,000 ஆண்டு முன்பு இல்லை, பருவக்காற்று மறுபடி வலுக்கத் தொடங்கிய காலத்தில், அதாவது சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்துதான் மேடுகள் மும்முரமாக வளர்ந்தன. காற்று வந்துவிட்டது, செடி வந்து மூட இன்னும் மழை போதவில்லை என்ற இடைவெளி அது.

ஓடும் மணலை நிறுத்துவதில் ஜோத்பூரின் மத்திய வறள்மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கு நீண்ட அனுபவம். 1952ல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கியது, 1959ல் இப்போதைய பெயர் வந்தது. அவர்கள் முறை எளிமையானது. கீம்ப், சினியா போன்ற உள்ளூர்ப் புதர்களை வெட்டி, மேட்டின் உச்சியிலிருந்து அடிவரை, காற்றுக்குக் குறுக்கே சில மீட்டர் இடைவெளியில் வரிசையாகவோ கட்டம் கட்டமாகவோ மணலில் புதைத்து நட்டு வைப்பது. முழங்கால் உயரம் போதும். ஏன் போதும் என்பது இந்நேரம் புரிந்திருக்கும்: ஓடும் மணல் எல்லாம் அதற்குக் கீழேதானே ஓடுகிறது! தாவல் அறுந்தால் அடிக்க ஆள் இல்லை, அடி இல்லாவிட்டால் அடுத்த துகள் கிளம்பாது. அந்தக் கட்டங்களுக்குள் மழை தொடங்கியதும் கன்றும் சேவண் புல்லும் நடுகிறார்கள். காய்ந்த புதர் மக்கிப்போவதற்குள் புல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால், அல்லது முதல் வருடத்திலேயே ஆட்டை உள்ளே விட்டுவிட்டால், மறுபடி முதலிலிருந்து.

ரோட்டைக் காப்பாற்ற ரோட்டோரத்திலேயே சுவர் எழுப்புவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது வேலைக்கு ஆகாது. சுவருக்குப் பின்னால் காற்று சோர்ந்து சுமையை இறக்கிவிடும். இறக்கும் இடம் ரோடாகவே இருக்கும். தடுப்பு காற்று வரும் பக்கத்தில் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும், காற்று ஊடே புகுந்துபோகும்படி இடைவெளியோடும் இருக்க வேண்டும். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார். “எங்க ஊர்ல பனை ஓலை வேலியும் அப்படித்தான் சார், நெருக்கமா கட்ட மாட்டாங்க. நெருக்கிக் கட்டினா ஒரே காத்துல வேலியே மண்ணுக்குள்ள போயிடும்.” தேரியில் பனையும் முந்திரியும் உடையும் நின்ற இடங்களில் மணல் அடங்கிவிட்டது. நடுவே மொட்டையாக இருக்கும் திட்டுகளில் ஆடிக்கு இன்னும் ஓடுகிறது.

ஹரியானாவின் டிப்பாக்களைப் பொறுத்தவரை எனக்குக் கவலை வேறு. அவற்றை டிராக்டர் வைத்துச் சமப்படுத்தி வயலாக்குகிறார்கள். தண்ணீர் கிடைத்தால் நல்ல விளைச்சல் தரும் என்பதால் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பங்குனி, சித்திரையில் கடுகும் கடலையும் அறுவடையானதும் நிலம் வெறுமையாகிறது. மேட்டின் மணலும் பள்ளத்து நுண்மண்ணும் உழவில் கலந்துபோயிருக்கும். சுத்தமான மணல்மேட்டில் தூசு மிகவும் குறைவு, காற்று அதை எப்போதோ அனுப்பிவிட்டது. சுத்தமான நுண்மண் தரையில் அடிக்க மணல் இல்லை. இரண்டும் கலந்த வெறும் வயல்தான் வைகாசிக் காற்றுக்கு மிகவும் வசதியானது. அறுத்த தாளை உழாமல் ஒரு சாண் உயரத்துக்கு விட்டுவைத்தாலே, அந்தக் கெண்டைக்கால் உயர ஓட்டம் பெரும்பகுதி நின்றுவிடும்.

லோஹாரூப் பக்கம் போக நினைப்பவர்கள் மே கடைசியில் போங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் மேட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய தண்ணீர், முழுக்கால் சட்டை, செலோடேப் சுற்றிய குச்சி. முந்தின நாள் மழை பெய்திருந்தாலும் திரும்பிவிட வேண்டாம். மேல்மணல் வெயிலில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். காற்று வந்த பக்கத்துச் சரிவில் முதலில் காய்ந்த இடம் எதுவோ, மணல் அங்கிருந்துதான் மறுபடி ஓடத் தொடங்கும்.